வீட்டுத் தக்காளித் தொக்கு வாடகைச் சமையல்கூடத்துக்குப் போகும்போது: சுவை மாறாமல் காப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை சரியும் மாதங்களில் தொக்கு செய்து விற்கத் தொடங்கும் வீடுகள் பல. ஆர்டர் கூடியதும் வீட்டு அடுப்பு போதவில்லை. திருமணச் சமையல் செய்யும் ஒருவரின் கூடத்தை நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். எல்லாப் பொருளையும் பத்து மடங்காக்கி, பெரிய அண்டாவில் கொட்டிக் கிளறுகிறார்கள். வாடிக்கையாளர் ஒரே வாரத்தில் கேட்டுவிடுகிறார்: "என்ன, இந்தத் தடவை வேறு யாராவது செய்தார்களா?"

செய்த கை அதேதான். மாறியது பாத்திரத்தின் அகலம், தீயின் அளவு, தண்ணீர், அரைக்கும் முறை ஆகிய நான்கு. இவற்றை ஒவ்வொன்றாகக் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி என்பதைத் தக்காளித் தொக்கை வைத்தே பார்க்கலாம். தொக்கு என்பது பெரும்பகுதி தண்ணீரை வற்ற வைக்கும் வேலை. எனவே அளவு கூடும்போது வரும் சிக்கல்கள் இதில் அப்பட்டமாகத் தெரியும்.

முதல் வேலை: வீட்டுச் சமையலை எடை போடுவது

கூடத்தைத் தேடிப் போகும் முன், வீட்டில் வழக்கம்போல் ஒரு முறை செய்யுங்கள். கையளவு, கண்ணளவு எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பொருளும் பாத்திரத்துக்குள் போகும் முன் தராசில் ஏற வேண்டும். ஒரு கைப்பிடிக் கல் உப்பும் ஒரு கைப்பிடித் தூள் உப்பும் ஒரே எடை அல்ல. கரண்டிக் கணக்கில் எழுதிய செய்முறை கூடத்துக்குப் போனால் வழி தவறிவிடும். இப்படி இரண்டு மூன்று முறை எடைபோட்டுச் சராசரி எடுத்தால் உங்கள் கை எவ்வளவு மாறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரை முழுவதும் கீழே உள்ள வீட்டு அளவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்:

- தக்காளி 2 கிலோ
- கொட்டையும் நாரும் நீக்கிய புளி 100 கிராம்
- மிளகாய்த்தூள் 80 கிராம்
- உப்பு 80 கிராம்
- நல்லெண்ணெய் 250 கிராம்
- வெல்லம் 30 கிராம்
- கடுகு 10 கிராம், வறுத்த வெந்தயத்தூள் 5 கிராம், பெருங்காயம் 5 கிராம்

மொத்தம் 2,560 கிராம் உள்ளே போகிறது. பலரும் எடை போடாமல் விடுவது இதற்கு அடுத்ததை: இறக்கிய தொக்கு எவ்வளவு? இங்கே அது 1,100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, புளி ஊறவைத்த தண்ணீரைச் சேர்க்காமலே, ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. உங்கள் தொக்கின் அடையாளம் இந்த 1,100 என்ற எண்ணில்தான் இருக்கிறது. 80 கிராம் உப்பு 1,100 கிராமில் இருந்தால் 7.3 சதவீதம். அதே உப்பு 1,200 கிராமில் இருந்தால் 6.7 சதவீதம். நாக்கு இந்த வித்தியாசத்தை உப்புக் குறைவு என்று சொல்லாது. "சப்பென்று இருக்கிறது", "காரம் ஏறவில்லை" என்றுதான் சொல்லும். உடனே மிளகாயைக் கூட்டுவார்கள். அடுத்த முறை சரியாக வற்றும்போது தொக்கு நாக்கைப் பொசுக்கும்.

எனவே செய்முறையின் முதல் வரியை இப்படி எழுதுங்கள்: 2 கிலோ தக்காளிக்கு இறக்கும் எடை 1,100 கிராம். "ஒரு மணி நேரம் கிளறவும்" என்ற வரியை அடித்துவிடலாம். "எண்ணெய் பிரியும்வரை" என்பதையும் நான் முழுதாக நம்புவதில்லை. தீ அதிகமாக இருந்தால் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே எண்ணெய் ஓரத்தில் தெளிந்து ஏமாற்றும்.

அந்த வீட்டுத் தொக்கில் மூன்று பாட்டில்களை மூடி, தேதி எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இனி எல்லா ஒப்பீடும் இவற்றோடுதான்.

பாத்திரத்துக்கு ஏற்ற அளவு

வீட்டு வாணலியின் வாய் ஒரு அடி அகலம், கூடத்து வாணலி இரண்டு அடி என்று கொள்வோம். அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆவி வெளியேறுவது அந்தப் பரப்பின் வழியாகத்தான். அந்த வாணலியில் பத்து மடங்காக 20 கிலோ தக்காளியைக் கொட்டினால், ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பரப்பு வீட்டில் கிடைத்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். வீட்டில் ஒரு மணி நேரத்தில் வற்றியது இங்கே இரண்டரை மணி நேரம் இழுக்கும். அந்தக் கூடுதல் நேரத்தில் தக்காளியின் புது மணம் ஓடிவிடும், சர்க்கரை கருகத் தொடங்கும், மிளகாயின் சிவப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பும். உப்பும் புளியும் எள்ளளவும் தவறாமல் போட்டிருந்தாலும் அது வேறு தொக்குதான்.

கணக்கு நேரானது. பரப்பு நான்கு மடங்கு என்றால் தக்காளியும் நான்கு மடங்கு, அதாவது 8 கிலோ. ஒரே வாணலியில் 20 கிலோ வேண்டாம். 8 கிலோவாக அடுத்தடுத்துச் செய்யுங்கள், அல்லது இரண்டு அடுப்பில் இரண்டு வாணலி வையுங்கள். 8 கிலோ தக்காளிக்கு உப்பு 320 கிராம், மிளகாய்த்தூள் 320 கிராம், புளி 400 கிராம், எண்ணெய் ஒரு கிலோ. இறக்கும் எடை 4.4 கிலோ. 200 கிராம் பாட்டிலில் 22 வரும்.

ஆவி வெளியேற இடம் இருந்தால் மட்டும் போதாது. தீயும் நான்கு மடங்கு வேண்டும். 8 கிலோ தக்காளிக்கு, புளி ஊறவைத்த தண்ணீரைச் சேர்க்காமலே, ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை ஓட்ட வேண்டும். அதற்கு வெப்ப இழப்பையும் சேர்த்து முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிவாயு செலவாகும். சாதாரண வீட்டு அடுப்பில் அந்த வெப்பம் ஒரு மணி நேரத்தில் வராது. கூடத்தைப் பார்க்கப் போகும்போது பெரிய பர்னரைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாத்திரத்தில் பத்து லிட்டர் தண்ணீரை நிறுத்துக் கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் அரை மணி நேரத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று பாருங்கள். மூன்று கிலோ குறைந்தால் அந்த அடுப்பு உங்கள் தொக்குக்குப் போதும். ஒன்றரைதான் குறைகிறது என்றால் 4 கிலோ தக்காளிக்கு மேல் அதில் ஏற்ற வேண்டாம். வணிக வேலைக்கு வணிகச் சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் வாடகை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தின் உலோகமும் முக்கியம். சமையல்கூடங்களில் அலுமினிய அண்டாக்கள் நிறைய. புளியும் தக்காளியும் அலுமினியத்தை அரிக்கும். இரும்பில் நீண்ட நேரம் வற்றினால் உலோகச் சுவையும் கருமையும் வரும். நேற்று கோழி வறுத்த இரும்புச் சட்டி என்றால் சொல்லவே வேண்டாம். அடிகனமான எவர்சில்வர் வாணலி ஒன்றும் மரத்துடுப்பு ஒன்றும் உங்கள் சொந்தப் பொருளாக இருக்கட்டும். கூடத்தை எப்போது மாற்றினாலும் அவை உங்களோடு வரும்.

சூடான வாணலியை எப்படி எடைபோடுவது?

இதில்தான் பலர் தயங்குகிறார்கள். கொதிக்கும் தொக்கோடு வாணலியைத் தூக்கித் தராசில் வைப்பது ஆபத்து. அதற்கு அவசியமும் இல்லை. முதல் முறை மட்டும், வற்றி வரும் சமயத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, தொக்கை வெற்று எடை தெரிந்த எவர்சில்வர் தூக்குகளில் மாற்றி எடைபோடுங்கள். கூடுதலாக இருந்தால் திரும்ப ஊற்றி வற்றவிடுங்கள். 4.4 கிலோ வந்ததும் வாணலியில் சமமாகப் பரப்பி, நடுவில் துடுப்பின் கைப்பிடியை அடிவரை செங்குத்தாக நிறுத்தி, தொக்கு தொடும் உயரத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். அதே வாணலி, மட்டம் சாயாத அடுப்பு, அதே தக்காளி அளவு என்று இருக்கும்வரை அந்தக் கீறல் தராசின் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். இறக்கியபின் எடையை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். 4.3 முதல் 4.5 கிலோ வரை ஏற்கலாம்.

இன்னொன்று: வீட்டு வாணலியில் அடுப்பை அணைத்தால் ஐந்து நிமிடத்தில் சூடு தணியும். நான்கரை கிலோ தொக்கு கனமான வாணலியில் அணைத்த பிறகும் நெடுநேரம் வெந்துகொண்டே இருக்கும். கீறலுக்குச் சற்று மேலே இருக்கும்போதே அணைத்து, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வெந்தயத்தூளும் பெருங்காயமும் அப்போதுதான் விழ வேண்டும். ஒரு கிலோ எண்ணெயில் தாளிக்கும்போதும் இதே கதை: கடுகு வெடித்து முடிந்தபின் அந்த எண்ணெயின் சூடு இறங்க நேரமாகும். அதில் வெந்தயத்தைப் போட்டால் கருகிக் கசக்கும். பெருங்காயத்தையும் வெந்தயத்தையும் முதல் முறை நான்கு மடங்காக்காமல் மூன்றேகால் மடங்கில் நிறுத்துவது என் வழக்கம். குறைந்தால் கூட்டலாம், கூடினால் எடுக்க முடியாது. உப்புக்கு இந்தச் சலுகை கிடையாது. அது முதல் முறையே முழு எடையில் போக வேண்டும்.

தண்ணீரும் அரைப்பும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். வீட்டில் ஒகேனக்கல் தண்ணீரில் புளி ஊறவைத்திருப்பீர்கள். வாடகைக் கூடத்தின் குழாயைத் திறந்தால் வருவது ஆழ்துளைக் கிணற்று நீராக இருக்கலாம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக, அது தொக்கிலேயே தங்கிச் செறிவாகும். கடின நீரில் உள்ள பைகார்பனேட் புளிப்பையும் கொஞ்சம் தின்றுவிடும். புளி கூட்டியும் புளிப்பு எடுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். புளி ஊறவைக்க வேண்டிய தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர்தான். அதை வீட்டிலிருந்தே கேனில் கொண்டுபோய்விடலாம். கழுவுவதற்குக் கூடத்துத் தண்ணீர் போதும், அதுவும் குடிநீர்த் தரத்தில் இருந்தால். ஊறவைக்கும் தண்ணீரையும் ஒவ்வொரு முறையும் ஒரே எடையில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வற்றும் நேரம் தினமும் மாறும்.

அரைப்பில் நடக்கும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். வீட்டு மிக்சியில் இரண்டு சுற்று விட்டதும் தக்காளி கொரகொரவென்று நிற்கும். கூடத்தில் கிரைண்டரில் போட்டால் விதையும் சேர்ந்து மையாகும், காற்றும் புகும். நிறம் வெளிறி, லேசான கசப்போடு, பாட்டில் சாஸ் போன்ற வழவழப்பு வந்துவிடும். பெரிய மிக்சி ஜாரில் சிறிது சிறிதாக, விநாடி எண்ணி அரைப்பதே நல்லது. எத்தனை விநாடி என்பதை வீட்டுத் தொக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்து, செய்முறைத் தாளில் எழுதுங்கள்.

மிளகாய்த்தூள், புளி இரண்டையும் ஒரு பருவத்துக்கு மொத்தமாக வாங்குங்கள். நம் பக்கத்துப் புளி மாசி, பங்குனியில் புதிதாக வரும்போது நிறம் வெளிர். பழைய புளி கறுப்பு. பாதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் தொக்கின் நிறமும் தாவும். மில்லில் மிளகாய் அரைக்கும்போது முன்னால் போனவரின் மல்லியோ மஞ்சளோ இயந்திரத்தில் தங்கியிருக்கும். முதலில் விழும் அரைக் கிலோவை வீட்டுச் செலவுக்குத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.

தக்காளி தினமும் ஒன்றல்ல

மழைக்குப் பின் வரும் தக்காளியில் தண்ணீர் அதிகம், சாரம் குறைவு. நாட்டுத் தக்காளிக்கு உள்ள புளிப்பு கெட்டியான ஒட்டுரகத்துக்கு இல்லை. இதைக் கண்ணால் அளக்க முடியாது. பிரிக்ஸ் மீட்டர் என்ற சிறு கருவியில் வடிகட்டிய சாற்றின் ஒரு துளியை விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அதில் கரைந்துள்ள சாரம் எவ்வளவு என்பது எண்ணாகத் தெரியும். தக்காளிக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரை இருக்கும்.

வீட்டுத் தொக்கு செய்த தக்காளி 5 காட்டியது, இன்று வந்தது 4 காட்டுகிறது என்று கொள்வோம். 8 கிலோவிலேயே நின்று 4.4 கிலோவுக்கு வற்ற வைத்தால் உப்பும் காரமும் சரியாக இருக்கும், ஆனால் தொக்கு நீர்த்திருக்கும். 8 கிலோவை 5 ஆல் பெருக்கி 4 ஆல் வகுத்தால் 10 கிலோ. இன்று 10 கிலோ தக்காளி போட்டு, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல், அதே 4.4 கிலோவில் இறக்குங்கள். நேரமும் எரிவாயுவும் கூடும், சுவை கூடாது குறையாது. சந்தையில் விலை அடிமட்டத்தில் கிடக்கும் நாளில் இந்தக் கணக்கு கையைக் கடிக்காது. விலை ஏறிய மாதத்தில் கடிக்கும். அப்போது 8 கிலோவோடு நிறுத்தி, நீர்த்த தொக்கை விற்பதைவிட அந்த வாரம் செய்யாமல் இருப்பதே மேல்.

புளிப்பை எண்ணில் வைத்திருங்கள்

புளிப்பு கூடக் கூடக் குறையும் எண் பிஹெச். தக்காளியில் அது ஏறத்தாழ 4.3 முதல் 4.9 வரை அலையும். 4.6க்கு மேலே போனால், மூடிய பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமி வளர வழி உண்டு. அதனால் எல்லை மீறாதிருக்க 4.2க்குக் கீழே நிற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு சேர்ப்பவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருக்க வேண்டும். தொக்கின் சிவப்பில் நிறம் மாறும் காகிதம் எதையும் காட்டாது, மீட்டர்தான் வேண்டும். 4 மற்றும் 7 என்ற இரண்டு நியமக் கரைசல்களில் அதைச் சரிபார்த்த பிறகு, ஆறிய தொக்கை மேல் எண்ணெய் ஒதுக்கி எடுத்து, சம அளவு காய்ச்சி வடித்த தண்ணீரில் குழைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் மீட்டரின் முனை பொய் சொல்லும். ஒவ்வொரு முறைக்குப் பின்னும் சோப்பு நீரால் கழுவி அலச வேண்டும். விற்பனை தொடங்கும் முன் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கே அனுப்புவது என்று தெரியாவிட்டால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி.

யார் நாக்கு முடிவு செய்யும்?

செய்தவரின் நாக்கு அல்ல. அது தான் எதிர்பார்த்ததையே ருசிக்கும். கூடத்தில் செய்த தொக்கை மூன்று நாள் ஊறவிடுங்கள், உப்பும் காரமும் சமமாகட்டும். வீட்டுப் பாட்டிலையும் வெளியே எடுத்து இரண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கிண்ணம் கொடுங்கள்: இரண்டில் ஒரே தொக்கு, ஒன்றில் மற்றது. எது தனி என்று மட்டும் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்காதீர்கள், அது வேறு கேள்வி. சிலருக்கு வீட்டுத் தொக்கும் சிலருக்குக் கூடத்துத் தொக்கும் தனியாக விழும்படி மாற்றி மாற்றி வையுங்கள். தொட்டுக்கொள்ள வெறும் சோறு போதும்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். பன்னிரண்டு பேரில் நான்கைந்து பேர் கண்டுபிடித்தால் கவலை வேண்டாம். எட்டுப் பேர் சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மைதான். அப்போது அவர்களிடம் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். நிறம் மங்கல் என்றால் வற்றிய நேரத்தைப் பாருங்கள். சப்பென்றால் இறக்கிய எடை. கசப்பு என்றால் தாளிப்பும் அரைப்பும். புளிப்பு குறைவென்றால் தண்ணீரும் தக்காளி ரகமும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் திருத்துங்கள். இரண்டைச் சேர்த்துத் திருத்தினால் எது பலித்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கூடத்தோடு பேச வேண்டியவை

முகூர்த்த நாட்களில் திருமணச் சமையல்கூடம் உங்களுக்குக் கிடைக்காது. ஆடியிலும் மார்கழியிலும் தாராளமாகக் கிடைக்கும். மற்ற மாதங்களுக்கு நாட்காட்டியைப் பார்த்து முன்கூட்டியே நாள் பிடியுங்கள். அதே அடுப்பு, அதே மேடை என்று வாடகைப் பேச்சிலேயே சொல்லுங்கள். கூடத்து மாஸ்டர் உதவிக்கு வருவார். "அக்கா, தராசு எதற்கு, இருபது வருடக் கை இது" என்பார். அவர் கைமணம் பெரியதுதான், ஆனால் அது அவருடைய ருசி. கிளறுவதை அவரிடம் விட்டு, உப்பையும் மிளகாயையும் வீட்டிலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்விட்டால் வாக்குவாதமே வராது.

வீட்டு முகவரிக்கு வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு வீட்டுக்கு மட்டும்தான் செல்லும். தயாரிக்கும் இடம் மாறினால் அந்த இடத்துக்குப் பதிவு வேண்டும், லேபிளிலும் அந்த முகவரி வர வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் கேட்டபின் லேபிள் அச்சிடக் கொடுங்கள்.

பாட்டிலில் போடும் முன் திருத்த முடிந்தவை

எடை 4.8 கிலோவில் நின்றுவிட்டால் திரும்ப அடுப்பில் ஏற்றி 4.4க்கு இறக்குங்கள். அவசரப்பட்டு உப்பு சேர்க்காதீர்கள். 4.1க்கு வற்றிப்போனால் அரைத்து வடிகட்டிய தக்காளிச் சாறு 300 கிராமைத் தனியே கொதிக்கவிட்டுச் சேர்த்து, ஐந்து நிமிடம் ஒன்றாகக் கொதிக்கவையுங்கள். பிஹெச் 4.2க்கு மேல் நின்றால் கெட்டியான புளிக்கரைசல் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். பாட்டிலும் மூடியும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் சூடாக இருக்க வேண்டும். தொக்கு 85 டிகிரிக்கு மேலிருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். அடிப்பிடித்த தொக்கை மட்டும் வெல்லத்தாலோ புளியாலோ மறைக்க முடியாது. துடுப்பால் சுரண்டிக் கலக்கும் முன், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு எடுத்து ருசி பாருங்கள். தீய்ந்த வாடை அதிலும் இருந்தால் அந்த 22 பாட்டிலுக்கும் உங்கள் லேபிளை ஒட்டாதீர்கள்.